ரெக்டருக்குப் பிரிவுபசார உரை: மூன்று நிமிடம், ஒரே ஒரு நினைவு

இங்கே மொரீஷியஸில், எங்கள் பள்ளியில் ரெக்டர் ஓய்வு பெறப்போகிறார் என்றால் விழா நிகழ்ச்சி நிரலில் ஆங்கில உரையும் பிரெஞ்சு உரையும் முதலிலேயே ஏறிவிடும். விழாவுக்கு நாலைந்து நாள் இருக்கும்போதுதான் யாராவது நினைத்துக்கொண்டு, "தமிழ் படிக்கிற பிள்ளைகளும் மூன்று நிமிடம் பேசட்டுமே" என்பார்கள். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். மோக்காவில் மகாத்மா காந்தி நிலையத்தில் படித்து முடித்து இந்த ஆண்டுதான் வகுப்புக்குள் வந்திருக்கும் இளம் ஆசிரியர்களுக்கும், மேடை ஏறப்போகும் மாணவர்களுக்கும் இது உதவும்.

நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் அவர்களுக்கு ரூபாய் நோட்டில் பார்க்கிற எழுத்து, கோயிலில் கேட்கிற ஒலி, வகுப்பில் படிக்கிற பாடம். அதனால் உரையைக் கிரியோலில் யோசித்துத் தமிழில் எழுதுவார்கள். தவறு ஒன்றுமில்லை, ஆனால் எங்கெங்கே இடறும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே ஒரு உரையை எடுத்துக்கொண்டு, அது எப்படி உருவானது என்று சொல்கிறேன். பேசியவள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. விடைபெற்றவர் ஒன்பது ஆண்டு எங்களுக்கு ரெக்டராக இருந்த ஓர் அம்மா. தமிழ்க் குடும்பம்தான், தமிழ் கேட்டால் புரியும், பேசுவது குறைவு.

நினைவைத் தேடுவது

முதல் நாள் எதையும் எழுத வேண்டாம். ஏழெட்டு மாணவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, "மேடத்தைப் பற்றி உனக்கு ஞாபகம் இருக்கிற ஒரு நாளைச் சொல்" என்று மட்டும் கேளுங்கள். சேர்த்து உட்கார வைத்துக் கேட்டால் முதலில் பேசுகிறவன் சொன்னதையே எல்லாரும் சொல்வார்கள்.

எங்களுக்கு நாலு நினைவுகள் கிடைத்தன. மார்ச் 12, சுதந்திர தினக் கொடியேற்றத்தில் மைக் நின்றுபோனபோது ரெக்டரே தேசிய கீதத்தைத் தொடங்கிப் பாடியது ஒன்று. தேர்வு முடிவு வந்த நாளில் எல்லாருக்கும் கேக் கொடுத்தது இன்னொன்று. ஒரு பையனுக்கு அவர் சொந்தப் பணத்தில் ஷூ வாங்கிக் கொடுத்தது மூன்றாவது. நாலாவது, ஒரு மழை நாள்: பஸ் வராமல் பள்ளியில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளை ரெக்டர் குடை பிடித்துக் கேட் வரை கொண்டுபோய் விட்டது.

ஷூ கதையை உடனே ஒதுக்கிவிட்டேன். கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் அந்தப் பையன் அதே மண்டபத்தில் உட்கார்ந்திருப்பான். பெயர் சொல்லாவிட்டாலும் அவன் வகுப்புக்குத் தெரியும். ரெக்டர் யாருக்கும் தெரியாமல் செய்ததை மேடையில் வைப்பது அவருக்கும் மரியாதை ஆகாது. பண உதவி, வீட்டுப் பிரச்சினை, தண்டனை இந்த மூன்றும் வரும் நினைவுகளை எடுக்கவே கூடாது என்பது என் முடிவு.

கேக் நினைவில் ரெக்டர் எதையும் செய்யவில்லை, கொடுத்தார், அவ்வளவுதான். கொடியேற்றம் நன்றாகவே இருந்தது, ஆனால் ஆங்கில உரைக்காரர்கள் அதை ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். இதை மறக்காமல் விசாரியுங்கள். ஒரே கதையை இரண்டு மொழியில் கேட்டால் இரண்டாவது உரை அங்கேயே விழுந்துவிடும்.

மழை நாள் மிஞ்சியது. அதில் நான் பார்த்தது இதுதான்: மண்டபத்தில் இருக்கும் பலர் அன்று அங்கே இருந்தவர்கள், ரெக்டர் தன் கையால் ஒரு காரியம் செய்கிறார், அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வருகிறது. அந்த வாக்கியம் கிடைத்தால் விடாதீர்கள். பாதி உரை அதுதான்.

சரிபார்ப்பது

அந்த மாணவி சொன்ன முதல் கதையில் நூறு பிள்ளைகள் நின்றிருந்தார்கள், ரெக்டர் இரவு எட்டு மணி வரை இருந்தார். பொய் சொல்லவில்லை. பதினொரு வயதில் பயத்தோடு பார்த்ததெல்லாம் பெரிதாகத்தான் தெரியும். துணை ரெக்டரிடமும் அன்று கேட்டைப் பூட்டிய காவலாளியிடமும் போய்க் கேட்டோம். நாற்பது பேர் இருக்கும், கடைசிப் பிள்ளை போனபோது ஆறே முக்கால் என்றார் காவலாளி. ஆறே முக்காலையே எழுதினோம். கதையின் நாயகி எதிரில் உட்கார்ந்திருக்கிறார், மிகைப்படுத்தினால் அவருக்குத்தான் சங்கடம். சரியான நேரத்தைச் சொன்னால் "இவர்கள் விசாரித்திருக்கிறார்கள்" என்று அவருக்குப் புரியும். பிள்ளைகள் காட்டும் அன்பு அதிலேயே தெரிந்துவிடும்.

துணை ரெக்டரிடம் இன்னொன்றும் கேட்டேன்: இதை மேடையில் சொன்னால் மேடத்துக்கு வருத்தம் வருமா? இந்தக் கேள்வியைக் கேட்க மறக்காதீர்கள். சில நாட்களின் மறுபக்கம் மாணவர்களுக்குத் தெரியாது.

நினைவை முதலில் எழுதுவது

தொடக்க வணக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தால் நன்றியும் பாராட்டுமாகவே இரண்டு நிமிடம் ஓடிவிடும், நினைவுக்கு மூன்று வரிதான் மிஞ்சும். அதனால் நினைவை முதலில் எழுதுங்கள். பாதிக்கு மேல் அதற்குக் கொடுங்கள். வாக்கியம் எட்டுச் சொல்லைத் தாண்ட வேண்டாம். வினைச்சொல் சின்னதாக இருக்கட்டும். "நின்றுகொண்டிருந்தீர்கள்" என்று எழுதினால் கிரியோல் பழகிய நாக்கு நடுவில் மூச்சு வாங்கும். "நின்றீர்கள்" போதும்.

மாணவி எழுதிக் கொண்டுவந்த முதல் பிரதியில் ஒரு வரி இப்படி இருந்தது: "நீ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தாய்." இந்த ஒரு வரியில் இரண்டு பாடம் இருக்கிறது.

"நீ" எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கிரியோலில் 'தோ' என்பதற்கும் 'ஊ' என்பதற்கும் உள்ள வேறுபாடு அவளுக்கு நன்றாகவே தெரியும், ரெக்டரிடம் ஒருநாளும் 'தோ' என்று பேசமாட்டாள். தமிழில் மட்டும் பாடப்புத்தகத்தில் முதலில் படித்த "நீ" வந்துவிடுகிறது. எழுதி முடித்த பிறகு வினைச்சொற்களின் வாலை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டே போங்கள். -ஆய் என்று முடிவதெல்லாம் -ஈர்கள் ஆக வேண்டும். மேலே "நீங்கள்" என்று திருத்திவிட்டு வாக்கியக் கடைசியில் "வந்தாய்" என்று விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

இரண்டாவது, செருப்பு. நடந்தது உண்மைதான், அவர் செருப்பைக் கழற்றித்தான் தண்ணீரில் இறங்கினார். ஆனால் ஒரு பாராட்டு மேடையில், பெரியவர் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது அந்தச் சொல் தமிழ்க் காதில் உறுத்தும். கோயில் கமிட்டியில் இருக்கும் தாத்தாக்கள் முன்வரிசையில் இருப்பார்கள். "காலணி" என்று மாற்றினோம். கையில் பிடித்திருந்ததை விட்டுவிட்டு, "கழற்றி ஓரமாக வைத்தீர்கள்" என்றோம். உண்மை குறையவில்லை. "வெறுங்காலோடு" என்ற சொல் உள்ளே வந்ததும் அந்த இடமே வேறு மாதிரி ஆகிவிட்டது.

அவர் சொன்ன வாக்கியம் கிரியோலில் இருந்தது: "பா த்ராக்கா, மோ லா." கவலைப்படாதே, நான் இருக்கிறேன். மாணவி அதைத் தமிழில் மாற்றி எழுதியிருந்தாள். மாற்றாதே என்றேன். அவர் பேசியது அந்த மொழி. தமிழ் தெரியாத ஆசிரியர்கள், மாணவர்கள் எல்லாரும் அந்த மூன்று நிமிடமும் மரியாதைக்காக அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள், அந்த ஒரு வரியில் அவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். பின்னால் மொழிபெயர்ப்பும் சொல்ல வேண்டாம். இந்த மண்டபத்தில் அது தேவைப்படுகிறவர் யாரும் இல்லை.

இரங்கல் போல் ஆகாமல் பார்ப்பது

இளம் ஆசிரியர்கள் இங்கேதான் அதிகம் கவனிக்க வேண்டும். மாணவர்கள் இணையத்தில் தேடி எடுக்கும் தமிழ் வாக்கியங்களில் பாதி, இறந்தவருக்கு எழுதியவை. "ஈடு செய்ய முடியாத இழப்பு", "உங்கள் நினைவு என்றும் எங்கள் நெஞ்சில் வாழும்", "உங்களை இழந்து வாடும் மாணவர்கள்". கேட்க அழகாக இருக்கிறது, அதனால் எடுத்துவிடுகிறார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் நாளைக்குக் காலையில் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கப்போகிறவர். இந்த வரிகளைக் கேட்டால் அவர் குடும்பத்துக்கு மனம் திக்கென்று ஆகும்.

சொல்லை மட்டும் நீக்கினால் போதாது, காலமும் சரியாக இருக்க வேண்டும். "நீங்கள் அன்பானவராக இருந்தீர்கள், கண்டிப்பானவராக இருந்தீர்கள்" என்று அடுக்கினாலே அது இரங்கல் உரைபோல் ஒலிக்கும். நான் பின்பற்றுவது எளிய வழி: நடந்த சம்பவத்துக்கு இறந்தகாலம், அவருடைய குணத்துக்கு நிகழ்காலம். "குடை பிடித்தீர்கள்", சரி. "நீங்கள் கண்டிப்பானவர்", அதுவும் சரி. ஓய்வு பெற்ற பிறகும் அவர் கண்டிப்பானவராகத்தான் இருப்பார்.

முடிவிலும் இதே கவனம் வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் "போகிறேன்" என்று சொல்வதில்லை, "போய் வருகிறேன்" என்கிறோம். அவருக்கும் "போய் வாருங்கள்" என்றுதான் சொல்ல வேண்டும். "சென்று விடுங்கள்", "போகிறீர்கள்" என்று முடித்த உரைகளைக் கேட்டிருக்கிறேன். மனசு ஒட்டுவதில்லை.

விளிப்பது

இது சின்ன விஷயம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். செகண்டரி ரெக்டருக்கு மேடைத் தமிழில் "முதல்வர்". பிரைமரி ஹெட் டீச்சருக்கு "தலைமையாசிரியர்". இலங்கைத் தளங்களிலிருந்து எடுத்த உரைகளில் "அதிபர் அவர்களே" என்று இருக்கும். அங்கே அது சரியான சொல், இங்கே கேட்கிறவர்களுக்கு நாட்டின் ஜனாதிபதி ஞாபகம்தான் வரும். "அவர்களே" என்பது வணக்கம் சொல்லும்போது ஒரே ஒருமுறை. அதன் பிறகு ஆணாக இருந்தால் "ஐயா", பெண்ணாக இருந்தால் "அம்மா". வரிக்கு வரி "முதல்வர் அவர்களே" என்று திரும்பச் சொன்னால் மரியாதை கூடாது, தூரம்தான் கூடும். முன்வரிசை விருந்தினர் பட்டியலை ஆங்கில உரைக்காரர் வாசித்திருப்பார், நீங்கள் மறுபடி வாசிக்க வேண்டியதில்லை.

முழு உரை

பல திருத்தங்களுக்குப் பிறகு எங்களிடம் இருந்தது இது:

"மதிப்பிற்குரிய முதல்வர் அம்மா அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, நண்பர்களே, வணக்கம். தமிழ் படிக்கும் மாணவர்கள் சார்பில், ஒரு மழை நாளைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

அம்மா, அப்போது நாங்கள் ஏழாம் வகுப்பு. பள்ளிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மதியம் பிடித்த மழை விடவே இல்லை. சாலையில் வெள்ளம். ரோஸ் பெல் பஸ் வரவில்லை. தாழ்வாரத்தில் நாற்பது பேர் நின்றோம். சிலர் அழுதார்கள். நானும் அழுதேன்.

நீங்கள் வந்தீர்கள். காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தீர்கள். வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கினீர்கள். கையில் ஒரு குடை. அதன் கீழ் ஒரு தடவைக்கு இரண்டு பேர். கேட்டில் கார் வர வர, எங்களைக் கொண்டுபோய் விட்டீர்கள். என் முறை வந்தது. என் தோளில் கை வைத்தீர்கள். 'பா த்ராக்கா, மோ லா' என்றீர்கள்.

கடைசிப் பிள்ளை போனபோது மணி ஆறே முக்கால். அதற்குப் பிறகுதான் நீங்கள் வீட்டுக்குக் கிளம்பினீர்கள்.

அம்மா, நீங்கள் கண்டிப்பானவர். தினமும் காலையில் கேட்டில் நிற்பீர்கள். தாமதமாக வந்தால் எங்களுக்குப் பயம். அதே கேட்டில்தான் அன்று மாலையும் நின்றீர்கள்.

உங்களுக்கு நல்ல உடல்நலமும் நிம்மதியான ஓய்வும் கிடைக்க வேண்டும். எங்கள் எல்லாருடைய அன்பும் உங்களுக்கு. போய் வாருங்கள், அம்மா. வணக்கம்."

சுமார் 120 சொல். இடைவெளி விட்டுப் பேசியபோது இரண்டரை நிமிடம் வந்தது. மூன்று நிமிடம் தருகிறோம் என்றால் இரண்டரைக்குத்தான் எழுத வேண்டும், மீதி அரை நிமிடம் கைதட்டலுக்கும் தொண்டை அடைப்பதற்கும்.

கேட்டைப் பற்றிய அந்த நாலு வரி கடைசியாகத்தான் கிடைத்தது. ரெக்டர் கண்டிப்பானவர் என்பதை மாணவி எழுத மறுத்தாள், விழா நாளில் குறை சொல்வது போல் ஆகிவிடுமே என்று. ஆனால் அதைச் சொல்லாவிட்டால் அந்த அம்மாவே தன்னை அடையாளம் கண்டுகொள்ளமாட்டார். காலையில் பயப்பட வைத்த அதே இடத்தில்தான் அந்த மாலையில் ஆறுதலும் கிடைத்தது என்று பேச்சுவாக்கில் அவளே சொன்னாள். "அதை அப்படியே எழுது" என்றேன். மரியாதைக்கு ஒரு பத்தி, பாசத்துக்கு ஒரு பத்தி என்று பிரிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

நாக்கைப் பழக்குவது

பிள்ளைகள் உரையைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வார்கள். தடுக்க முடிந்தால் தடுங்கள். அந்த எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். "எங்கள் பள்ளி" என்பது பல்லி ஆகும். "வழியனுப்ப வந்தோம்" என்பது வலி ஆகும். எங்கள் உரையில் பெய்த மழை முதல் ஒத்திகையில் மலையாகப் பெய்தது. ண, ன வேறுபாடும் போய், பணி ஓய்வு பனி ஓய்வாகிவிடும்.

இரண்டு வேலை செய்தோம். தவிர்க்க முடிந்த சொற்களைத் தவிர்த்தோம். "வழியனுப்புகிறோம்" வேண்டாம், "போய் வாருங்கள்" இருக்கிறது. "பணி ஓய்வு" வேண்டாம், "ஓய்வு" போதும். தவிர்க்க முடியாதவற்றுக்கு, அதாவது மழை, தமிழ், ஏழாம், கழற்றி, அழுதேன், பள்ளி, வெள்ளம், இவற்றுக்குத் தமிழ் எழுத்திலேயே எழுதி, ழகரத்தின் கீழும் ளகரத்தின் கீழும் சிவப்பு மையால் கோடு போட்டோம். ழகரத்துக்கு நாக்கு நுனியை மேலே வளைத்து அண்ணத்தைத் தொடாமல் நிறுத்தச் சொல்லுங்கள். தொட்டுவிட்டால் அது ள. கண்ணாடி முன் மூன்று நாள், நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

தமிழ் எழுத்து சரளமாக வராத பிள்ளையாக இருந்தால் பிரெஞ்சு எழுத்தை விட்டால் வழியில்லை. அப்போது உகரத்துக்கு ஓ, யூ இரண்டு எழுத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். யூ மட்டும் எழுதினால் பிரெஞ்சுப் பழக்கத்தில் உதட்டைக் குவித்து வேறு ஒலியாக வாசிப்பார்கள்.

அன்றைக்கு

காகிதத்தில் பெரிய எழுத்து, ஒரே பக்கம். இரண்டாவது பிரதி ஒரு தோழியின் கையில், அவள் மேடை ஓரத்தில் நிற்கட்டும். பேசுகிறவளுக்கு அழுகை வந்துவிட்டால் தோழி அடுத்த பத்தியிலிருந்து வாசிப்பாள் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ரெக்டருக்குக் கண் கலங்கினால் தொடர்ந்து வாசித்துக்கொண்டு போகக் கூடாது. நிறுத்தி மூன்று மூச்சு விட்டு, அவர் நிமிர்ந்த பிறகு தொடர வேண்டும். ஒத்திகையிலேயே அந்த இடைவெளியைப் பழக்குங்கள், இல்லாவிட்டால் பதற்றத்தில் வேகமாக முடித்துவிடுவார்கள். வணக்கம் சொல்லும்போது மண்டபத்தைப் பார்க்கலாம். "அம்மா" என்ற சொல்லிலிருந்து அவரை மட்டும் பார்க்க வேண்டும்.

எங்கள் மாணவி "மோ லா" என்று சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் "வி, மேடம்!" என்று கத்திவிட்டான். அவனும் அந்த நாற்பது பேரில் ஒருவன். அவள் பயப்படாமல் காத்திருந்து, ஆறே முக்கால் வரியிலிருந்து தொடர்ந்தாள்.

விழா முடிந்து ரெக்டர் அம்மா அந்தக் காகிதத்தைக் கேட்டார். "நாளைக்கு நல்ல தாளில் எழுதித் தருகிறேன், மேடம்" என்று மாணவி தயங்கினாள். அதையே கொடு என்று ஜாடை காட்டினேன். மழையின் ழகரத்துக்குக் கீழே சிவப்புக் கோடு இருந்த அதே தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.